‘கிவ் ஹெர் எ புக்’: எது முன்னால், எது பின்னால்?

பள்ளிக்கூட ஆங்கில இலக்கணப் பயிற்சியில் ‘பொருள் மாறாமல் மாற்றி எழுதுக’ என்று ஒரு பகுதி இருக்கும். ‘கிவ் ஹெர் எ புக்’ என்று கேள்வித்தாளில் இருந்தால், ‘கிவ் எ புக் டு ஹெர்’ என்று எழுதிவிட்டு முழு மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு போகலாம். அவளுக்கு ஒரு புத்தகம் கொடு. இரண்டுக்கும் பொருள் இதுதான், இரண்டும் இலக்கணப்படி சரிதான். அதனால் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்று, எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்ற எண்ணம் நம் மனதில் பதிந்துவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் அப்படிப் போடுவதில்லை.

ஒரு சின்ன பேச்சை எடுத்துக்கொள்வோம். மீனாவுக்குப் பிறந்தநாள் வருகிறது, அவளுக்கு என்ன கொடுக்கலாம் என்று ஒருவர் கேட்கிறார். பதில் ‘கிவ் ஹெர் எ புக்’ என்று வந்தால் காதுக்கு எதுவும் உறுத்தாது. ‘கிவ் எ புக் டு ஹெர்’ என்று வந்தால் கேட்டவர் ஒரு கணம் விழிப்பார். மீனாவைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தோம், அவளை ஏன் வாக்கியத்தின் கடைசியில் கொண்டுபோய் அழுத்திச் சொல்கிறார் என்று தோன்றும்.

இப்போது வேறு ஒரு பேச்சு. மேஜை மேல் ஒரு பேனா, ஒரு பை, ஒரு புத்தகம் இருக்கின்றன. மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். புத்தகம் யாருக்கு என்பது கேள்வி. இங்கே ‘கிவ் த புக் டு மீனா’ என்பதுதான் இயல்பாக வரும். முதல் பேச்சில் ஆள் தெரியும், பொருள் தெரியாது. இரண்டாவதில் பொருள் கண்முன் இருக்கிறது, ஆள்தான் தெரியவில்லை. தெரிந்தது முன்னால் போகிறது, புதிய செய்தி வாக்கியத்தின் கடைசிக்குப் போகிறது.

நாமும் இதையேதான் செய்கிறோம், கவனிப்பதில்லை, அவ்வளவுதான். “மீனாவுக்கு என்ன கொடுத்தே?” என்று கேட்டால் “அவளுக்கு ஒரு புத்தகம் கொடுத்தேன்” என்போம். “அந்தப் புத்தகம் எங்கே?” என்று கேட்டால் “அதை மீனாவுக்குக் கொடுத்துட்டேன்” என்போம். தமிழில் வினைச்சொல் கடைசியில் நிற்பதால் புதிய செய்தி அதற்கு ஒட்டி முன்னால் வந்து உட்காருகிறது. ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுவதால் புதிய செய்தி வாக்கியத்தின் வாலுக்குப் போகிறது. இந்த அளவுக்கு நம் காது ஏற்கெனவே பழகியதுதான்.

வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. தமிழில் ‘மீனாவுக்கு’ என்பதை எங்கே தூக்கிப் போட்டாலும் ‘க்கு’ கூடவே போகும். யாருக்கு, எதை என்ற குழப்பம் வராது. ஆங்கிலமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் நம் வேற்றுமை உருபுகளைப் போல் சொற்களின் கடைசியில் மாற்றங்கள் உண்டு. ‘அவளை’ என்பதற்கு ஒரு வடிவம், ‘அவளுக்கு’ என்பதற்கு வேறு வடிவம். காலப்போக்கில் அந்த ஈறுகள் தேய்ந்து மறைந்தன. இன்றைய ‘ஹெர்’, அந்த ‘அவளுக்கு’ வடிவத்தின் வழி வந்த சொல்தான். ‘அவளை’ என்ற பழைய வடிவம் வழக்கிலிருந்து விழுந்துவிட, அதன் வேலையையும் இதுவே சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தது.

ஈறுகள் தேய்ந்த பிறகு ஆங்கிலத்துக்கு இரண்டு வழிகள் கிடைத்தன. பெறுகிறவரை வினைக்கு அடுத்தபடியே நிறுத்துவது ஒன்று. அந்த இடமே ‘க்கு’ என்று சொல்லிவிடும். பெறுகிறவர் பின்னால் போனால் முன்னால் ஒரு ‘டு’ போட்டு அடையாளம் காட்டுவது இன்னொன்று. இரண்டும் நிலைத்துவிட்டன. அதனால்தான் ‘கிவ் ஹெர் எ புக்’ என்பதில் ‘டு’ இல்லை. ‘கிவ் டு ஹெர் எ புக்’ என்று இரண்டையும் கலந்தால் வாக்கியம் நொண்டும்.

தெரிந்தது முன், புதியது பின் என்பதோடு இன்னொரு விசையும் இங்கே வேலை செய்கிறது. அது நீளம். ஓட்டோ பெகாகல் என்ற ஜெர்மன் மொழியியலாளர் 1909-இல் இதைப் பற்றி எழுதினார். குட்டையான சொற்றொடர் முன்னால், நீளமானது பின்னால் என்று அமைவதைக் கவனித்து, வளரும் உறுப்புகளின் விதி என்று அதற்குப் பெயர் வைத்தார். ஆங்கிலத்துக்கும் இது நன்றாகவே பொருந்துகிறது. நேற்று மேடையில் பாடிய அந்தச் சிறுமிக்கு ஒரு புத்தகம் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். ‘ஐ கேவ் எ புக் டு த கேர்ள் ஹூ சாங் எஸ்டர்டே’ என்றால் படிக்க ஓடும். ‘ஐ கேவ் த கேர்ள் ஹூ சாங் எஸ்டர்டே எ புக்’ என்று எழுதிப் பாருங்கள். கொடுத்தேன் என்று ஆரம்பித்தவர் எதைக் கொடுத்தார் என்று சொல்லாமல் நீண்ட தூரம் போய், கடைசியில் ஒற்றைச் சொல்லாக ‘புக்’ என்று போடுகிறார். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. படிக்கிறவர்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு விசைகளும் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் இழுக்கும். ஏற்கெனவே தெரிந்த ஆளை ‘ஹெர்’, ‘ஹிம்’, ‘தெம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோம். புதிய ஆளை அறிமுகப்படுத்தத்தான் நாலு வார்த்தை தேவைப்படும். ஆகவே தெரிந்தது இயல்பிலேயே குட்டை, புதியது இயல்பிலேயே நீளம்.

அப்படியானால் பேச்சு வழக்கில் எது அதிகம்? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ஜோன் பிரெஸ்னன் தம் சகாக்களோடு இதை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்கர்கள் முன்பின் தெரியாதவர்களோடு தொலைபேசியில் பேசிய பேச்சுகளைப் பதிவு செய்த ‘ஸ்விட்ச்போர்ட்’ என்ற தொகுப்பு இருக்கிறது. அதில் இந்த இரண்டு அமைப்புகளில் ஏதாவது ஒன்று வரும் இடங்களைத் தேடி எடுத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேல் கிடைத்தன. ஏறத்தாழ ஐந்தில் நான்கு இடங்களில் ‘கிவ் ஹெர் எ புக்’ வகைதான். காரணம் தெளிவு. பேச்சில் பெறுகிறவர் பெரும்பாலும் ‘மீ’, ‘யூ’, ‘ஹெர்’ என்ற ஒற்றைச் சொல்லாகவே வருகிறார்.

அவர்கள் எண்ணுவதோடு நிற்கவில்லை. பெறுகிறவர் மனிதரா, ஏற்கெனவே பேச்சில் வந்தவரா, ஒற்றைச் சொல்லா, கொடுக்கப்படும் பொருள் குறிப்பான ஒன்றா, எது நீளம் என்பன போன்ற தகவல்களை மட்டும் வைத்துக்கொண்டு, பேசியவர் எந்த வரிசையைத் தேர்ந்திருப்பார் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேல் கணக்கு சரியாக வந்தது. அதற்குப் பிறகு பிரெஸ்னன் செய்த சோதனை எனக்கு இதைவிடப் பிடித்தது. உரையாடல் துண்டு ஒன்றைக் கொடுத்து, தொடர்ச்சியாக இரண்டு வாக்கியங்களையும் காட்டி, 100 புள்ளிகளை இரண்டுக்கும் பிரித்துக் கொடுங்கள் என்றார். இது சரி, அது தப்பு என்ற கேள்வியே இல்லை. இதற்கு 80, அதற்கு 20 என்று போடலாம். சாதாரண மக்கள் பிரித்துக் கொடுத்த புள்ளிகளும் கணக்கு சொன்ன வாய்ப்புகளும் ஒத்துப்போயின. எந்த இலக்கணப் புத்தகமும் சொல்லித்தராத ஒரு தராசு பேசுகிறவர்களின் தலைக்குள் இருக்கிறது.

அந்தத் தராசு ஒரே பக்கமாகச் சாய்கிற இடம் ஒன்று உண்டு. கொடுக்கும் பொருளே ‘இட்’ என்று ஆகிவிட்டால் ‘கிவ் இட் டு ஹெர்’ என்றுதான் சொல்வார்கள். ‘கிவ் ஹெர் இட்’ பெரும்பாலானவர்களின் காதில் இடறும். ‘இட்’ என்பதைவிடத் தெரிந்ததும் குட்டையானதும் வேறு இல்லை, அதைச் செய்தி வர வேண்டிய கடைசி இடத்தில் வைத்தால் அந்த இடம் வெறிச்சோடிக் கிடக்கும். வட இங்கிலாந்துப் பக்கம் ‘கிவ் இட் மீ’ என்று ‘டு’ இல்லாமலேயே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அந்த வட்டார வழக்கு. தேர்வுத்தாளில் எழுதிவிட்டு வட இங்கிலாந்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

சில வேளைகளில் வரிசை மாறினால் பொருளே லேசாக நகர்கிறது. ‘ஐ சென்ட் எ பார்சல் டு லண்டன்’ என்றால் லண்டன் ஓர் ஊர், பார்சல் அங்கே போகிறது. ‘ஐ சென்ட் லண்டன் எ பார்சல்’ என்றால் கேட்கிறவர் லண்டனை ஊராக நினைக்க மாட்டார். லண்டனில் இருக்கிற தலைமை அலுவலகம், அங்கே பார்சலை வாங்கிக் கையெழுத்துப் போடுகிற யாரோ என்று எடுத்துக்கொள்வார். வினைக்கு அடுத்த அந்த இடம் கையில் வாங்கிக்கொள்ளக் கூடிய ஒருவருக்கு உரியது. வெறும் போய்ச்சேரும் இடத்துக்கு அது பொருந்தாது.

இதே காரணத்தால் மரபுத் தொடர்கள் பலவும் ஒரு வரிசையில் கெட்டிப்பட்டுவிட்டன. இந்தச் சத்தம் எனக்குத் தலைவலி தருகிறது என்பதற்கு ‘திஸ் நாய்ஸ் கிவ்ஸ் மீ எ ஹெட்ஏக்’ என்பார்கள். தலைவலியை யாரும் கையில் எடுத்து நீட்டுவதில்லை என்பதால் ‘கிவ்ஸ் எ ஹெட்ஏக் டு மீ’ என்பது, தலைவலியைப் பொட்டலம் கட்டி அனுப்பியதைப் போல் இருக்கும். முன்பு மொழியியலாளர்கள் இந்த இரண்டாவது வகை அடியோடு தவறு என்று தீர்ப்பே எழுதியிருந்தார்கள். உண்மையான எழுத்துகளைத் தேடிப் பார்த்தபோது அதுவும் கிடைத்தது. தலைவலி யாருக்கு என்பது நீண்ட சொற்றொடராக இருக்கும் இடங்களில், நீளத்தின் இழுப்புக்கு இந்த மரபுத் தொடரும் இணங்கிப்போகிறது.

இதுவரை சொன்னது தேர்வு செய்யும் உரிமை உள்ள வினைகளைப் பற்றி. அந்த உரிமையே இல்லாத வினைகளில்தான் தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறோம். ‘ப்ளீஸ் எக்ஸ்பிளெயின் மீ த ப்ராப்ளம்’ என்பதை நம் அலுவலகங்களில் கேட்காத நாள் இல்லை. ‘டெல் மீ’ சரி, ‘ஷோ மீ’ சரி, ‘டீச் மீ’ சரி. ‘எக்ஸ்பிளெயின் மீ’ மட்டும் ஏன் ஆகாது? ‘எக்ஸ்பிளெயின் த ப்ராப்ளம் டு மீ’ என்று சுற்றித்தான் வர வேண்டும். ‘சஜெஸ்ட் மீ எ குட் டாக்டர்’, ‘சே மீ யுவர் நேம்’ இரண்டுக்கும் இதே கதிதான்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய குடும்ப வேறுபாடு இருக்கிறது. கிவ், டெல், ஷோ, சென்ட், டீச், செல், லெண்ட் இவையெல்லாம் ஆங்கிலத்தின் ஜெர்மானியப் பரம்பரைச் சொற்கள். எக்ஸ்பிளெயின், டொனேட், டெமான்ஸ்ட்ரேட், காண்ட்ரிப்யூட் போன்றவை லத்தீனிலிருந்து நேராகவோ பிரெஞ்சு வழியாகவோ வந்து சேர்ந்தவை. வந்தவை பெரும்பாலும் ‘டு’ அமைப்போடு மட்டும் தங்கிவிட்டன. பேசுகிறவர் யாரும் சொல்லின் பிறப்புச் சான்றிதழைப் பார்ப்பதில்லை, ஆனால் சொல்லின் உருவத்தைக் காது பார்க்கிறது. ஓரசைச் சொல் என்றாலும், முதல் அசையில் அழுத்தம் விழுகிற சொல் என்றாலும் அது நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி ஒலிக்கிறது. அதனால்தான் பிரெஞ்சிலிருந்து வந்த ‘பே’, லத்தீன் வேர் கொண்ட ‘ப்ராமிஸ்’, ‘ஆஃபர்’ எல்லாம் உள்ளே சேர்ந்துவிட்டன. ‘பே மீ டென் ருப்பீஸ்’, ‘ஆஃபர் ஹெர் எ ஜாப்’ இரண்டும் சரி. நேற்று வந்த ‘இமெயில்’கூட ‘இமெயில் மீ த ஃபைல்’ என்று கூசாமல் சேர்ந்துகொண்டது. இது ஓர் சாய்வு, சட்டம் இல்லை. ‘டெமான்ஸ்ட்ரேட்’ முதல் அசையில் அழுத்தம் கொண்டிருந்தும் வெளியேதான் நிற்கிறது. ‘சே’ அசல் ஜெர்மானியச் சொல், ஓரசை, இருந்தும் ‘சே மீ’ கிடையாது. சந்தேகம் வந்தால் ‘டு’ போட்டு எழுதுங்கள் என்று சொல்லலாம், பெரும்பாலும் காப்பாற்றும். ‘எக்ஸ்பிளெயின்’ விஷயத்தில் நிச்சயம் காப்பாற்றும்.

ஆனால் அந்த ஆலோசனையும் கைவிடுகிற இடம் இருக்கிறது. நம் ‘க்கு’ பெரிய மனது கொண்டது. கொடுப்பதற்கும் அதுதான், வாங்கித் தருவதற்கும் அதுதான். ‘அவளுக்குப் புத்தகம் கொடுத்தேன்’, ‘அவளுக்குப் புத்தகம் வாங்கினேன்’ இரண்டும் நமக்கு ஒரே வார்ப்பு. அதனால் ‘ஐ பாட் எ புக் டு ஹெர்’ என்று கை தானாக எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தில் கைமாறுகிற செயலுக்குத்தான் ‘டு’. ஒருவருக்காக வாங்குவது, சமைப்பது, செய்வது, தேடிக் கண்டுபிடிப்பது எல்லாவற்றுக்கும் ‘ஃபார்’. ‘ஐ பாட் எ புக் ஃபார் ஹெர்’ என்று எழுத வேண்டும். வேடிக்கை என்னவென்றால் குட்டை வரிசையில் இந்தச் சிக்கலே எழாது. ‘ஐ பாட் ஹெர் எ புக்’ என்று எழுதிவிட்டால் டுவும் வேண்டாம், ஃபாரும் வேண்டாம்.

இவை எல்லாம் ஒரே தாளில் கூடும்போது எப்படித் தீர்ப்பது என்று பார்க்கலாம். ஒரு பள்ளியின் ஆண்டு விழா அறிக்கை, நூலகத்தைப் பற்றிய பத்தி என்று வைத்துக்கொள்வோம். முதல் வாக்கியம், பழைய மாணவர்கள் எங்களுக்கு இருநூறு புத்தகங்கள் கொடுத்தார்கள் என்பது. வரைவில் ‘அவர் ஓல்ட் ஸ்டூடன்ட்ஸ் கேவ் டூ ஹண்ட்ரட் புக்ஸ் டு அஸ்’ என்று இருக்கிறது. அறிக்கையே பள்ளியின் அறிக்கை, ‘அஸ்’ யார் என்று எல்லோருக்கும் தெரியும். செய்தி இருநூறு புத்தகங்கள்தான். ‘கேவ் அஸ் டூ ஹண்ட்ரட் புக்ஸ்’ என்று மாற்றினால் கைதட்டல் விழ வேண்டிய இடத்தில் விழும்.

அடுத்த வாக்கியம், அதிகம் படிக்கிற பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தோம் என்பது. ‘வி கேவ் த சில்ட்ரன் ஹூ ரீட் மோஸ்ட் த ஸ்டோரி புக்ஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். உரக்கப் படித்தால் சிக்கல் தெரியும். ‘ரீட் மோஸ்ட்’ என்ற இடத்தில் ஒரு நிறுத்தம் வேண்டும், எழுத்தில் அது இல்லை. பிள்ளைகள் கதைப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றைப் படித்துவிட்டார்களாம் என்று வாசகர் எடுத்துக்கொண்டு, பிறகு கொடுத்தது எது என்று தேடித் திரும்பி வருவார். பெறுகிறவர்கள் நீளம், கொடுத்த புத்தகங்கள் ஏற்கெனவே பேச்சில் வந்தவை. இரண்டு விசையும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. ‘வி கேவ் த ஸ்டோரி புக்ஸ் டு த சில்ட்ரன் ஹூ ரீட் மோஸ்ட்’.

மூன்றாவது, நூலகர் விதிகளை விளக்கினார். ‘எக்ஸ்பிளெயின்ட் தெம் த ரூல்ஸ்’ என்று இருந்ததை ‘எக்ஸ்பிளெயின்ட் த ரூல்ஸ் டு தெம்’ ஆக்க வேண்டும். ‘தெம்’ குட்டை, தெரிந்தது, முன்னால் வர எல்லாத் தகுதியும் உண்டு. ஆனாலும் வினை இடம் தராது, வினையின் சொல்லே இறுதி.

நான்காவது, ஒரு பையன் அவரிடம் ஒரு கேள்வி கேட்டான். ‘ஆஸ்க்ட் எ க்வெஸ்சன் டு ஹெர்’ என்று இருக்கிறது. இங்கே நிலைமை தலைகீழ். ‘ஆஸ்க்’ வினையோடு ‘டு’ ஒட்டாது, ‘ஆஸ்க்ட் ஹெர் எ க்வெஸ்சன்’ ஒன்றுதான் வழி. ‘காஸ்ட்’ என்ற வினையும் இந்தக் கட்சி. புத்தகம் எனக்கு நூறு ரூபாய் ஆயிற்று என்பதை ‘இட் காஸ்ட் மீ எ ஹண்ட்ரட் ருப்பீஸ்’ என்று மட்டுமே சொல்ல முடியும். மேலே சொன்ன ‘டு போட்டால் தப்பிக்கலாம்’ என்ற ஆலோசனை கவிழ்வது இங்கேதான்.

கடைசி வாக்கியம், பட்டியலைப் பெற்றோர்களுக்கு அனுப்பினோம். ‘வி சென்ட் த பேரண்ட்ஸ் த லிஸ்ட்’ என்று வரைவில் இருக்கிறது. ‘வி சென்ட் த லிஸ்ட் டு த பேரண்ட்ஸ்’ என்றும் எழுதலாம். எந்தப் பட்டியல் என்று படிக்கிறவருக்குத் தெரியும், பெற்றோர்களையும் தெரியும். இரண்டு சொற்றொடரும் கிட்டத்தட்ட ஒரே நீளம். ‘சென்ட்’ இரண்டு வரிசைக்கும் இசைகிற வினை. அடுத்த வாக்கியம் பெற்றோர்கள் என்ன சொன்னார்கள் என்று போனால் அவர்களைக் கடைசியில் வைப்பது தொடர்ச்சிக்கு உதவும். பட்டியலில் என்ன இருந்தது என்று போனால் பட்டியலைக் கடைசியில் வைக்கலாம். பத்தி அதோடு முடிந்துவிட்டால், எழுதியவர் எழுதியபடியே விட்டுவிடுவேன்.